பதினான்கு பேர் இருந்தும் இரவில் இரண்டே பேர்

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். முப்பது படுக்கை கொண்ட மெடிக்கல் வார்டு என் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் செவிலியர் பற்றாக்குறை குறித்து நிர்வாகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்குக் கூட்டம் போட்டார்கள். இரண்டிலும் சொன்ன விஷயம் ஒன்றுதான். இடையில் என்ன மாறியது என்பதை, இதே நிலையில் இருக்கும் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம், காய்ச்சல் நோயாளிகளால் வார்டு நிரம்பியிருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி, சர்க்கரை நோயாளி, காலில் புண்ணோடு சேர்ந்திருந்தார். இரவு பத்து மணிக்கு எடுத்த வைட்டல்ஸ் சார்ட்டில் இருந்தது: மூச்சு நிமிஷத்துக்கு 22, ஆக்சிஜன் 95, மேல் ரத்த அழுத்தம் 108, நாடி 104, காய்ச்சல் 100.8. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் வகுத்த நியூஸ் மதிப்பெண் முறையில் கூட்டிப் பார்த்தால் ஆறு வருகிறது. ஐந்தைத் தொட்டாலே டாக்டர் வந்து பார்க்க வேண்டும், மணிக்கொரு முறையாவது வைட்டல்ஸ் எடுக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. எங்கள் சார்ட்டில் பத்து மணிக்கு அடுத்த பதிவு காலை ஆறு மணிக்கு. அப்போது ரத்த அழுத்தம் 80/50, ஆள் குழறிக்கொண்டிருந்தார். ஐ.சி.யூ.வுக்கு மாற்றி ஒன்பது நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தோம். இடது காலில் இரண்டு விரல் போனது.

அந்த இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டர் இருவருமே நல்ல வேலைக்காரர்கள். ஒருவர் பன்னிரண்டு மணிக்கு வேறொரு நோயாளியை சி.டி. ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டரைக்குத்தான் திரும்பினார். மற்றவர் இருபத்தெட்டு நோயாளிகளோடு தனியாக இருந்தார். அதற்குள் புதிதாக இரண்டு அட்மிஷன்.

காலை ஏழரைக்கு லெட்டர் பேடை எடுத்து எழுதினேன். "இந்த நிலை தொடர்ந்தால் உயிர் போகும். பலமுறை வாய்மொழியாகச் சொல்லியும் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. உடனடியாகப் போதிய செவிலியரை நியமிக்க வேண்டும்." ஒரு பக்கம் போனது. அதில் ஓர் எண்கூட இல்லை. மூன்றாம் நாள் ஹெச்.ஆரிலிருந்து பதில் வந்தது. மெடிக்கல் வார்டில் 30 படுக்கைக்கு 14 செவிலியர் பணியில் இருக்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட இரண்டு நோயாளிக்கு ஒருவர், இது போதுமானதற்கும் அதிகம் என்று.

கோபம் வந்தது. ஆனால் பதினான்கு என்பது பொய் இல்லை. சம்பளப் பட்டியலில் பதினான்கு பெயர் இருந்தது. அப்படியானால் இரவில் ஏன் இரண்டே பேர்? இந்தக் கேள்விக்கு எனக்கே ஒழுங்கான பதில் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து டியூட்டி ரோஸ்டரைப் பிரித்தோம். பதினான்கில் ஒருவர் இன்சார்ஜ். இண்டென்ட், டிஸ்சார்ஜ், பில்லிங் என்று அவர் நாள் போய்விடும், நோயாளி அவர் கணக்கில் வரமாட்டார். இன்னொருவர் பிரசவ விடுப்பு. மீதி பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டு பேரும் வருஷம் 365 நாளும் வருவதில்லை. வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12, பண்டிகை மற்றும் தேசிய விடுமுறை 9. கழித்தால் ஒருவர் வேலை செய்வது 280 நாள். வார்டோ 365 நாளும் திறந்திருக்கிறது. 365-ஐ 280-ஆல் வகுத்தால் 1.3. ஒரு ஷிஃப்டில் ஓர் ஆள் எல்லா நாளும் நிற்க வேண்டுமானால் சம்பளப் பட்டியலில் 1.3 ஆள் வேண்டும் என்று பொருள். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், ஆகவே ஒரே ஒரு இடத்தை நாள் முழுக்க நிரப்ப ஏறத்தாழ நான்கு பேர்.

பன்னிரண்டை 1.3-ஆல் வகுத்தால் 9.2. ஆக, எந்த ஒரு நாளிலும் எங்களுக்குக் கிடைப்பது ஒன்பது பேர். காலையில் நான்கு, மதியம் மூன்று, இரவு இரண்டு. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஹெச்.ஆர். பார்த்தது பட்டியலில் உள்ள தலைகளை, நான் பார்த்தது நள்ளிரவில் நிற்கும் தலைகளை. இன்சார்ஜ் சிஸ்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா ரோஸ்டர் போடுறேன் மேடம், ஏன் பத்தலைன்னு இப்பத்தான் புரியுது" என்றார். அவருக்குப் புரியாதது இல்லை, கணக்காக எழுதிக் காட்ட யாரும் கேட்டதில்லை.

அடுத்தது, எத்தனை பேர் இருந்தால் போதும் என்பது. இதற்கு வெளிநாட்டு ஆய்வுகளைத்தான் முதலில் தேடினேன். லிண்டா எய்கென் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். நல்ல சான்று. ஆனால் எங்கள் எம்.டி. இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவது, "அது அமெரிக்கா, அது சர்ஜரி, நம்ம வார்டுக்கு என்ன?" என்பதாகத்தான் இருக்கும். அது நியாயமான கேள்வியும்கூட.

அப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த பெண் ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். தரச்சான்றுக்குத் தயாரானபோது எங்கள் நிர்வாகமே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கொள்கை ஏடு. அதில் பொது வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்று எழுதியிருந்தது. முப்பது படுக்கைக்கு ஐந்து பேர். ஐந்து இடம், மூன்று ஷிஃப்ட், 1.3-ஆல் பெருக்கினால் இருபது செவிலியர். இருப்பது பன்னிரண்டு. எய்கென் ஆய்வு கடிதத்தில் ஒரே வாக்கியமாகச் சுருங்கியது, எங்கள் ஏட்டின் பக்க எண் முதல் பத்திக்குப் போனது. மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன்: உலக இலக்கியத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் மருத்துவமனையின் அலமாரியைத் திறந்து பாருங்கள். அவர்களே ஒப்புக்கொண்ட அளவுகோல் அங்கே இருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது.

ஆள் குறைவு என்பது நிரூபணமாயிற்று. ஆள் குறைவால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பது தனிக் கேள்வி. ஒரு விவசாயியின் கதையை மட்டும் வைத்து எழுதினால் அது தற்செயல் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனவே 28 இரவுகள் எண்ணினேன். மூன்றே மூன்று விஷயம். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வார்டில் எத்தனை நோயாளிகள், வார்டில் உடலோடு நிற்கும் சிஸ்டர்கள் எத்தனை பேர் (ரோஸ்டரில் உள்ள பெயர் இல்லை), நான்கு மணிக்கொருமுறை வைட்டல்ஸ் எடுக்கச் சொன்ன நோயாளிகளில் எத்தனை பேருக்கு இரண்டு மணிப் பதிவு இருக்கிறது. முதல் இரண்டையும் டியூட்டி டாக்டர்கள் எனக்கு வாட்ஸப்பில் இரண்டு எண்ணாக அனுப்பினார்கள், நோயாளி பெயர் எதுவும் கிடையாது. மூன்றாவதைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன் நானே சார்ட்டைப் பார்த்து எண்ணினேன். பத்து நிமிஷ வேலை. இதற்கு மேல் வைத்துக்கொண்டிருந்தால் இரண்டாம் வாரமே விட்டிருப்பேன்.

சார்ட்டை எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில இரவுகளில் இரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருக்கும், ஆனால் எட்டு நோயாளிக்கும் மூச்சு 18, நாடி 80, அழுத்தம் 120/80. ஒரே பேனா, ஒரே சாய்வு. மூச்சை ஒரு நிமிஷம் நின்று எண்ணினால் 17 வரும், 21 வரும், 23 வரும். வரிசையாக 18 வந்தால் அது காலை ஹேண்டோவருக்கு முன் உட்கார்ந்து நிரப்பியது. எனக்கு அது பார்த்ததுமே தெரிந்தது. அப்படிப்பட்ட பதிவுகளைத் தவறியவை என்று என் முதல் வரைவில் சேர்த்திருந்தேன்.

அந்த வரைவை நிர்வாகத்துக்கு அனுப்புவதற்கு முன் நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் கொடுத்தேன். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். முழுக்கப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"மேடம், இது பொய்யா எழுதினதுன்னு நீங்க நினைக்கிறீங்க. நானும் நினைக்கிறேன். ஆனா இந்தப் பேப்பர் போனா முதல்ல மெமோ வாங்கப்போறது அந்தப் பொண்ணுங்கதான். ஆள் போடுற பேச்சு அதோட நின்னுரும்."

அடுத்த கோடு, "வைட்டல்ஸ் எடுக்கப்படவில்லை" என்ற வரியில்.

"எடுக்கலைன்னும் எழுதாதீங்க, எடுக்க முடியலைன்னும் எழுதாதீங்க. பதிவு இல்லைன்னு எழுதுங்க. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். சந்தேகத்துக்குரிய பதிவுகளை எல்லாம் பதிவானவை என்றே மாற்றி எண்ணினேன். எண்ணிக்கை என் வாதத்துக்குப் பாதகமாகத்தான் போனது. போகட்டும், யாரும் அதைப் பிடித்து இழுத்துச் சாய்க்க முடியாது. நிரப்பி எழுதும் பழக்கத்தைப் பற்றித் தனியாக, பெயர் சொல்லாமல், அவரே வார்டு மீட்டிங்கில் பேசிக்கொண்டார்.

கிடைத்த முடிவு இது. இருபத்தெட்டில் 22 இரவுகள் இரண்டு சிஸ்டர், 6 இரவுகள் மூன்று சிஸ்டர். நோயாளிகள் சராசரியாக 27. இரண்டு பேர் இருந்த இரவுகளில் எடுக்க வேண்டியிருந்த 176 பதிவுகளில் 81 இருந்தன, பாதிக்கும் குறைவு. மூன்று பேர் இருந்த இரவுகளில் 49-க்கு 40 இருந்தன. இன்னொன்றையும் டியூட்டி டாக்டர்கள் தாங்களாகவே குறித்து அனுப்பியிருந்தார்கள்: இரண்டு பேர் இருந்த 22 இரவுகளில் 9 இரவுகளில், ஸ்கேனுக்கோ மருந்தகத்துக்கோ ரத்த வங்கிக்கோ ஒருவர் போய்விட, ஒரு மணி நேரத்துக்கு மேல் வார்டில் ஒரே ஒரு சிஸ்டர்.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இரண்டு பக்கம். முக்கியமான பகுதியைத் தமிழில் தருகிறேன்.

"மெடிக்கல் வார்டில் இரவு நேரச் செவிலியர் எண்ணிக்கை நமது கொள்கை ஏட்டில் உள்ள அளவைவிடக் குறைவாக இருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 28 இரவுகளில் 22 இரவுகள் இரண்டு செவிலியரே பணியில் இருந்தனர். ஏட்டின்படி ஐவர் தேவை. அந்த 22 இரவுகளில், இரண்டு மணிக்குத் தேவைப்பட்ட 176 வைட்டல்ஸ் பதிவுகளில் 95 பதிவுகள் சார்ட்டில் இல்லை. இந்தக் கணக்கெடுப்புக்கு முன்பு ஒரு நோயாளியின் நிலை மோசமானது எட்டு மணி நேரம் பதிவில் தெரியாமல் இருந்து, பின் ஐ.சி.யூ.வுக்கு மாற்ற நேர்ந்தது. அதன் விவரம் இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் தனியே உள்ளது.

இந்தக் கணக்கின் எல்லைகளையும் குறிப்பிட வேண்டும். இது ஒரு வார்டு, ஒரு மாதம், அதுவும் காய்ச்சல் மிகுந்த மாதம். மூன்று செவிலியர் இருந்த இரவுகள் ஆறுதான். பதிவு இல்லை என்பதால் கவனிப்பே இல்லை என்று ஆகாது. செவிலியர் எண்ணிக்கைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, ஆனால் அதைத் தீவிரமாகப் பரிசீலிக்கப் போதுமானது. செவிலியர் எவர் மீதும் குறை கூறுவது இதன் நோக்கம் அல்ல."

எல்லைகளைச் சொல்லும் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி என் நண்பர்கள் இருவர் வற்புறுத்தினார்கள், நாமே ஏன் ஓட்டையைக் காட்ட வேண்டும் என்று. நான் எடுக்கவில்லை. நிர்வாகத்தில் யாராவது கண்டுபிடித்துக் கேட்கப்போவதை நாமே சொல்லிவிட்டால் மீதி எண்களை நம்புவார்கள். நான் எடுத்தது வேறொரு பத்தியை. கூடுதல் செவிலியர் போட்டால் ஐ.சி.யூ. செலவு மிச்சமாகும் என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது, கையில் ஆதாரம் இல்லை.

கோரிக்கையை எப்படி வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. எட்டுப் பேர் குறைவு என்று எழுதிவிட்டு எட்டுப் பேரைக் கேட்டால் முடியாது என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கடலூரில் ஆள் கிடைப்பதும் சுலபம் இல்லை. இரண்டு வருஷ அனுபவம் வந்ததும் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார்கள், அரசுப் பணி நியமனம் வந்தால் ஒரே மாதத்தில் மூன்று பேர் ராஜினாமா. அதனால் மூன்று படியாகக் கேட்டேன். ஒரு பைசா செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியது: இரவில் செவிலியர் மருந்தகத்துக்கும் லேபுக்கும் போவதை நிறுத்தி அட்டெண்டரை அனுப்புவது, ஸ்கேனுக்கு நிலையான நோயாளியோடு கேஷுவாலிட்டியிலிருந்து ஆள் வருவது. மூன்று மாதத்தில் செய்யக்கூடியது: நான்கு பேர் நியமனம். பன்னிரண்டு பதினாறானால், 1.3-ஆல் வகுத்து, நாளுக்குப் பன்னிரண்டு பேர், ஷிஃப்டுக்கு நான்கு. மூன்றாவது, அதுவரை இரவில் இரண்டே பேர் இருந்தால் இருபது நோயாளிக்கு மேல் அந்த வார்டில் புது அட்மிஷன் போடாமல் இருப்பது.

கடிதத்தை மருத்துவக் கண்காணிப்பாளர் வழியாக எம்.டி.க்கு அனுப்பினேன், நர்சிங் சூப்பரின்டெண்டன்டுக்கும் தரப் பிரிவுக்கும் நகல். டாக்டர்கள் குரூப்பில் போடவில்லை. அலுவலகத்தில் கொடுத்து என் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நோயாளியின் பெயரோ ஐ.பி. எண்ணோ கடிதத்தில் கிடையாது. கடைசி வரியில் இரண்டு வாரத்துக்குள் அரை மணி நேரம் பேச நேரம் கேட்டிருந்தேன். தேதி இல்லாத கோரிக்கை மேசையிலேயே கிடந்துவிடும்.

பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். எம்.டி. வயதில் மூத்தவர், என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு 1.3 கணக்குத் தாளை எடுத்தார்.

"இது சரியாம்மா? பதினாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தா ராத்திரிக்கு ரெண்டு பேர்தான் கிடைப்பாங்களா?"

"நம்ம லீவு விதிப்படி அவ்வளவுதான் சார். ஹெச்.ஆரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்."

ஹெச்.ஆர். அங்கேயே கால்குலேட்டரில் போட்டார். அவருக்கும் 1.3 வந்தது. அதற்குப் பிறகு ஆள் குறைவா இல்லையா என்ற விவாதமே எழவில்லை, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் பேச்சு. அட்டெண்டர் ஏற்பாட்டுக்கு உடனே சரி என்றார்கள். நான்கு நியமனத்தில் முதலில் இரண்டு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அட்மிஷன் வரம்பை எம்.டி. ஏற்கவில்லை. "வாசல்ல வந்து நிக்கிறவங்கள எப்படிம்மா திருப்பி அனுப்புறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, நான் விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பதில் நியூஸ் மதிப்பெண் ஐந்தைத் தொட்டவர்களை இரவில் வார்டில் வைக்காமல் ஹெச்.டி.யூ.வுக்கு மாற்றுவது என்று முடிவானது. அந்த விவசாயி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கே யாராவது பார்த்திருப்பார்கள்.

கூட்டத்தில் பேசியதை அன்று மாலையே ஐந்து வரி மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்பினேன்: யார், எதை, எந்தத் தேதிக்குள். இதைச் செய்யாமல் இருந்திருந்தால் இரண்டாவது நியமனம் நடந்தே இருக்காது. ஜனவரியில் அந்த மின்னஞ்சலைக் காட்டித்தான் நினைவூட்டினேன்.

மூன்று மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள், பிரசவ விடுப்பில் இருந்தவரும் திரும்பினார். பதினாறு ஆனது. மறுபடி 28 இரவுகள் எண்ணியபோது பெரும்பாலான இரவுகளில் நான்கு பேர் இருந்தார்கள், இரண்டு மணிப் பதிவுகள் ஐந்துக்கு நான்கு என்ற அளவில் இருந்தன. எண்ணியது கோடைக்காலம், வார்டும் லேசாக இருந்தது என்பதை அந்தத் தாளிலும் எழுதித்தான் கொடுத்தேன்.

பதினாறு அப்படியே நிற்கவில்லை. அரசு நியமனத்தில் இரண்டு பேர் போனார்கள், ஒருவர் கல்யாணமாகி விருத்தாசலம் போனார். இப்போது பதின்மூன்று. நள்ளிரவு எண்களை டியூட்டி டாக்டர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை வந்தது: நோயாளிகள் 29, சிஸ்டர் 3. புதன்கிழமை: 30, சிஸ்டர் 2. அடுத்த கடிதத்துக்கான தாளில் இன்றோடு பதினோரு இரவுகள் ஆகியிருக்கின்றன.